நுவரெலியா போய்வந்த கதையை அவள் என்னிடம் ஏன் சொன்னாள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் படித்த காலத்திலிருந்து நாங்கள் நெருங்கிய நண்பர்கள். நான் ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன், அவள் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவனோடு நுவரெலியாவுக்குப் போய்வந்தாள். அன்றிரவே ஒன்பது மணிக்கு அழைத்து நாற்பது நிமிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னை மனத்தில் வைத்துக்கொண்டுதானே இத்தனை ஆர்வமாகச் சொல்கிறாள்?

அந்த நாற்பது நிமிடம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. உங்களைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

மனம் எதனாலாவது கிளர்ந்துவிட்டால், நல்லதோ கெட்டதோ, மனிதர் அதை யாரிடமாவது சொல்லியே தீர்வார்கள். பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரீமேயும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை உலுக்கிய அனுபவங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மக்கள் யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது மணி அழைப்புக்கு இந்த விளக்கமே போதும். காதல் என்று இன்னொரு காரணத்தைத் தேடிப் போகத் தேவையில்லை.

இன்னும் தெளிவாகப் பார்க்க இரண்டு பெண்களை மனத்தில் நிறுத்துங்கள். ஒருத்தி உங்களை நண்பராக மட்டும் நினைக்கிறாள். மற்றவள் உள்ளுக்குள் உங்களை விரும்புகிறாள். வேறொருவனோடு கிரகரி வாவிக் கரையில் நடந்துவிட்டு வந்த இரவில், இந்த இருவரில் யார் உங்களை அழைத்து மகிழ்ச்சியோடு கதை சொல்வாள்? முதலாமவள் கட்டாயம் சொல்வாள். இரண்டாமவள் சொல்லலாம், மறைக்கலாம், பாதியை விழுங்கலாம், ‘சும்மா ஒரு பயணம்’ என்று சுருக்கிவிடலாம். ஆகவே ஆர்வமான கதை முதலாமவளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. நீங்கள் சாதகம் என்று எடுத்துவைத்த சான்று, தராசில் எதிர்த் தட்டில் போய் உட்காருகிறது.

உங்கள் கடிதத்தில் இருந்ததையே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். குளிர் தாங்காமல் அவள் நடுங்கியபோது அவன் தன் ஜாக்கெட்டைக் கொடுத்தானாம். அவித்த சோளம் வாங்கி, பெரிய துண்டை அவளுக்குக் கொடுத்தானாம். திரும்பும்போது நானுஓயாவில் பஸ் நின்றுவிட, தலவாக்கலைக்கு வந்துசேர இருட்டிவிட்டதாம். வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் பதறியபோது, அவன் பதறாமல் பேசினானாம். இவை எல்லாம் அவனைப் பற்றிய விவரங்கள். கேட்பவனுடைய மனத்தைச் சோதிக்கச் சொல்லும் கதையில் சோளத் துண்டின் அளவு வராது. அவள் இன்னும் அந்த வாவிக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள், உங்களுக்கு அங்கிருந்து வர்ணனை செய்தாள், அவ்வளவுதான்.

கடைசியாக அவள் சொன்னதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள்: “நீ ஒருநாள் அவனைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு எப்படி என்று சொல்.” இதை நீங்கள் ‘என் சம்மதம் கேட்கிறாள்’ என்று எழுதியிருந்தீர்கள். சம்மதம்தான் கேட்கிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அண்ணனிடமும் மூத்த தோழியிடமும் கேட்கிற சம்மதம். விரும்புகிறவனிடம் கேட்கிற சம்மதம் இப்படி இருக்காது.

அப்படியானால் தன் அக்காவிடம் சொல்லியிருக்கலாமே? “உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்” என்றாளே, அதற்கு அர்த்தம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தம் இல்லை. இந்த இடத்தில்தான் நம் மலையகத்துப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கொழும்பில் தனி அறையில் இருக்கும் பெண் “உனக்கு மட்டும்” என்று சொன்னால், பத்துப் பேரில் உங்களைத் தேர்ந்தெடுத்தாள் என்று கொள்ளலாம். நம் ஊரில் நிலைமை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவில் அம்மா, அப்பா, அக்கா, அக்காவின் பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். காலையில் பீலிக்கரையில் ஒருத்தி சொன்னது கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் தோட்டத்தின் மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் போய்விடும். அக்காவிடம் சொன்னால் அத்தானுக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரிந்தால் கோயில் கமிட்டிக்கே தெரியும். பையன் வேறு சாதியாகவோ வேறு மதமாகவோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இப்படிப்பட்ட இடத்தில் மகிழ்ச்சியைச் சொல்லவும் ஒரு பாதுகாப்பான காது தேவைப்படுகிறது. நீங்கள் ஹட்டன் டவுனில் இருக்கிறீர்கள், அவளுடைய லயத்தில் இல்லை. அவளுடைய உறவும் இல்லை. வாய் திறக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவளுக்கு இருந்த ஒரே வாசல் நீங்கள்தான். அதுவே பெரிய நம்பிக்கை. ஆனால் வேறு வாசல் இல்லாதபோது இந்த வாசலால் வந்தாள் என்பதை வைத்து, இந்த வீட்டை விரும்பினாள் என்று முடிவுகட்ட முடியாது.

அவள் ஒன்பது மணிக்கு எங்கிருந்து பேசினாள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து இருக்காது. லயத்துக்கு வெளியே, சிக்னல் கிடைக்கிற ஏதாவது ஒரு மேட்டில், சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருப்பாள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, கண்டிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இப்படித்தான் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். வட்டவளையில் ஆரம்பித்தவள் கினிகத்தேனை வந்தும் நிறுத்தவில்லை. என்னைச் சீண்டிப் பார்க்கிறாள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, இரண்டு மாதம் பெரிய மனிதனைப் போல மௌனம் காத்தேன். அவள் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். பல வருடங்களுக்குப் பிறகு பேச்சுவாக்கில் கேட்டபோது, “நீதான் யாரிடமும் சொல்லமாட்டாய் என்று தெரியும், அதனால் சொன்னேன்” என்றாள். அதற்கு மேல் அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

என்னைப் பொறாமைப்பட வைக்கவே சொல்கிறான் என்று என் தோழி சொல்கிறாள். (கேட்பது ஒரு பெண். என் நண்பன் வாரத்துக்கு ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறான்.) அப்படி நடப்பதே இல்லையா?

நடக்கும். ஆனால் ஒரு தடவை கேட்ட கதையிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்ப்பது மூன்றை.

முதலில், கதையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். உண்மையில் ஒருத்தியைப் பிடித்துப்போனவன் அவளைப் பற்றிப் பேசுவான்: அவள் எப்படிச் சிரித்தாள், எந்த ஊர், என்ன படித்தாள், டீ வேண்டாம் என்று கோப்பி கேட்டாள். தூண்டில் போடுகிறவனுடைய கதையில் அந்தப் பெண்ணுக்கு முகமே இருக்காது. “என்னை அவளுக்கு எவ்வளவு பிடிக்கிறது தெரியுமா” என்பதே திரும்பத் திரும்ப வரும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. முதல் சந்திப்பு முடிந்து வருகிற எவரும் கொஞ்சம் தன்னைப் பற்றியே பேசுவார்கள். தன்னை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்பதே அப்போது புதுச் செய்தி. அதனால் முதல் கதையை விட்டுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது கதையிலும் அந்தப் பெண் வெறும் நிழலாகவே இருந்தால் கவனியுங்கள்.

இரண்டாவது, நீங்கள் மனதார “நல்ல பெண்ணாக இருக்கிறாளே, சந்தோஷம்” என்று சொன்னபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மகிழ்ச்சியைச் சொல்ல வந்தவன் இன்னும் உற்சாகமாகி, விட்ட இடத்திலிருந்து தொடர்வான். வேறு எதையோ எதிர்பார்த்தவனுக்குச் சுருதி இறங்கும். “உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?” என்பான், அல்லது கதையை இன்னும் கொஞ்சம் காரமாக்கிச் சொல்வான்.

மூன்றாவது, எப்போது சொல்கிறான் என்பது. உங்கள் இருவருக்கும் சண்டை வந்த மறுநாளும், நீங்கள் வேறொருவரோடு நெருக்கமாகப் பேசிய மாலையும்தான் இந்தக் கதைகள் முளைக்கின்றனவா? மற்ற நாட்களில் இல்லையா? அப்படியானால் உங்கள் தோழி சொல்வதில் விஷயம் இருக்கலாம்.

இந்த மூன்றும் சேர்ந்து, ஒரு மாதமாவது தொடர்ந்து காணப்பட்டால்தான் யோசிக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பொறாமையை விடச் சாதாரணமான ஒரு விளக்கம் உண்டு. சில ஆண்களுக்கு அது பெருமை பேசுகிற பழக்கம். கேட்க ஆள் கிடைத்தால் போதும்.

அவன் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி, “இதற்கு என்ன பதில் போடலாம்?” என்று கேட்கிறாள். இது எதைக் காட்டுகிறது?

உங்களை ஆலோசகராக வைத்திருக்கிறாள் என்பதைக் காட்டுகிறது. இங்கே இரண்டு வாசிப்புகளுக்கு இடமே இல்லை. உங்களுக்கு அது வலித்தால், “பதில் எழுதித் தருவது எனக்கு வராது, நீயே எழுது” என்று சொல்லிவிடுங்கள். உள்ளே எரிந்துகொண்டு வெளியே நல்ல பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய வரியில் அவன் மயங்கினால் அதையும் நீங்களே கேட்க வேண்டி வரும்.

“வீட்டில் கேட்டால் உன்னோடும் மற்றவர்களோடும்தான் போனேன் என்று சொல்” என்றாள். இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வது நெருக்கம்தானே?

உரிமைதான், நெருக்கமும்தான். ஆனால் இந்த வரி வந்தவுடன் முந்திய நாற்பது நிமிடத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும். கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னதற்கு ஒரு பங்கு காரணம் இதுவாகவும் இருக்கலாம். நாளைக்கு அவளுடைய அம்மா உங்களை டவுனில் நிறுத்திக் கேட்டால், எந்த பஸ்ஸில் போனீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள், ஏன் தாமதம் என்று நீங்கள் சொல்வதும் அவள் சொன்னதும் ஒத்திருக்க வேண்டும். விக்டோரியா பூங்காவில் பூ பார்த்தோம் என்று அவள் சொல்ல, நாங்கள் ஹக்கலைக்குப் போனோம் என்று நீங்கள் சொன்னால் முடிந்தது கதை.

இதை அவளுடைய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்ற கேள்வியை மகனிடம் கேட்காமல் மகளிடம் மட்டும் கேட்கிற வீடுகள் பிள்ளைகளை இப்படித்தான் நடக்கவைக்கின்றன.

நீங்கள் ஒப்புக்கொள்வதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்வது ஓர் எல்லையை மட்டும். அவள் எங்கே, யாரோடு இருக்கிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்பது உங்களுக்கு உண்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் சாட்சி சொல்லாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால், ‘உன்னோடுதானே இருந்தாள்’ என்று எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள், நீங்களும் எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

எனக்குத் தாங்கவில்லை. “ம்”, “சரி” என்று மட்டும் சொன்னேன். இப்போது இரண்டு வாரமாக அவள் எதுவும் சொல்வதில்லை. என் மனம் அவளுக்குப் புரிந்துவிட்டதா? குற்ற உணர்வா?

இல்லை, தம்பி. நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், அவள் போய்விட்டாள்.

அமெரிக்காவில் உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004இல் ஒரு விஷயத்தை ஆராய்ந்தார்கள்: ஒருவர் தனக்கு நடந்த நல்லதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை. நான்கு விதங்களாகப் பிரித்தார்கள். நம் பேச்சில் சொன்னால், கூடவே மகிழ்ந்து மேலும் கேட்பது ஒன்று. “நல்லது” என்று மெல்லச் சொல்லிவிட்டு அமைவது இரண்டாவது. “அவனையா? பார்த்து நடந்துகொள்” என்று தண்ணீர் ஊற்றுவது மூன்றாவது. காதிலேயே வாங்காமல் “இன்று கடையில் சரியான கூட்டம்” என்று பேச்சை மாற்றுவது நான்காவது. முதல் விதம் இருந்த உறவுகளில் நெருக்கமும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. மற்ற மூன்றும் அப்படி இல்லை, மென்மையான “நல்லது” உட்பட. அவர்கள் அதில் பார்த்தது காதலர்களையும் தம்பதியரையும்தான், ஆனாலும் நட்பில் வேறு மாதிரி நடப்பதாக என் அனுபவம் சொல்லவில்லை.

உங்கள் “ம்” இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அவள் அதை அலுப்பு என்றோ கண்டனம் என்றோ எடுத்திருப்பாள். பிறகு அவள் மௌனமானாள். அந்த மௌனத்தை நீங்கள் குற்ற உணர்வு என்று வாசிக்கிறீர்கள். நீங்கள் கலக்கிய தண்ணீரில் நீங்களே முகம் பார்க்கிறீர்கள். அடுத்த முறை பேசும்போது, “அன்று எனக்கு மனம் சரியில்லை, உன் கதையைச் சரியாகக் கேட்கவில்லை” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

அவள் சிரித்துப் பேசினாலே எனக்குள் ஏதோ நடக்கிறது. நான் மட்டும்தான் இப்படித் தவறாக வாசிக்கிறேனா?

துணைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா ஆபே 1982இல் செய்த பரிசோதனையில் ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் சும்மா பேசினார்கள். இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து அதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் சாதாரண நட்புப் பேச்சில், பெண்கள் கண்டதை விடக் கூடுதலான ஈர்ப்பை ஆண்கள் கண்டார்கள். பேசிய ஆண் மட்டும் அல்ல, ஒதுங்கியிருந்து பார்த்த ஆணும் அப்படித்தான். ஆகவே உங்கள் வாசிப்பை உங்கள் ஆண் நண்பனிடம் காட்டிச் சரிபார்ப்பதில் பயன் குறைவு. அவனும் அதே கண்ணாடியைத்தான் போட்டிருப்பான்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடவா? சொன்னால் நட்பும் போய்விடுமே.

நான் இதுவரை சொன்ன எந்த அடையாளமும் உங்களுக்குப் பதிலைத் தராது. தவறான பதிலைத் தவிர்க்க மட்டுமே உதவும். உண்மை தெரிய வேண்டுமானால் சொல்லத்தான் வேண்டும். எப்போது, எப்படி என்பதில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் கதை சொல்லிக்கொண்டிருக்கும் அழைப்பிலேயே சொல்லாதீர்கள். அவளுடைய மகிழ்ச்சியை நீங்கள் தட்டிப் பறித்ததாக அது ஆகிவிடும். அவனோடு சண்டை போட்டு அழுதுகொண்டு வரும் நாளில் சொல்வது அதைவிட மோசம். இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு சாதாரண நாளில், நேரில் சொல்லுங்கள். திரும்பிப் போக அவளுக்குத் தன் பஸ் இருக்கிற இடமாக இருக்கட்டும். ஊருக்கு வெளியே ஏதோ ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போய், திரும்பும் வழி முழுவதும் இருவரும் வாய்மூடி வரும்படி செய்யாதீர்கள்.

சொல்வது இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் போகவேண்டாம். “நீ அவனைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது, எனக்கு உன்மேல் நட்பை விடக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. உனக்கு அப்படி இல்லை என்றால் அதையும் சொல், நான் கேட்டுக்கொள்வேன். இன்றே சொல்ல வேண்டும் என்றும் இல்லை.” அவனைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள். ‘இத்தனை வருடம் நான் உனக்காக’ என்று கணக்கு வாசிக்காதீர்கள்.

அவள் “யோசித்துச் சொல்கிறேன்” என்றால் யோசிக்க விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் பதில் வராமல், கதை மட்டும் பழையபடி வந்துகொண்டிருந்தால், பதில் வந்துவிட்டது என்று கொள்ளலாம். “இல்லை” என்றால் சில காலம் அந்தக் கதைகளைக் கேட்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். அது கோபம் ஆகாது.

“நீ எனக்கு அண்ணன் மாதிரி” என்று அதே பேச்சில் சொன்னாள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுங்கள். நம்மிடையே முறை சொல்லிக் கூப்பிடுவது வெறும் மரியாதை இல்லை. மாமன் மகனை யாரும் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. பழக்கத்தில் எல்லாரையும் அண்ணா என்று அழைப்பது வேறு. இத்தனை வருடம் பெயர் சொல்லி அழைத்தவள் இந்தக் கதையோடு சேர்த்து இதைச் சொன்னால், அவள் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

நானும் பெண், அவளும் பெண். எனக்குக் காதல் எல்லாம் இல்லை. ஆனாலும் அவள் அவனோடு எல்லவுக்குப் போன கதையைச் சொன்னபோது தொண்டை அடைத்தது. எனக்கு என்ன நடந்தது?

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க நீங்கள் இருவரும் போவதாகத்தானே இருந்தது, தங்கச்சி? கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் அதை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். அவள் காதலித்தது உங்களுக்கு வலிக்கவில்லை. உங்களோடு போவதாகச் சொன்ன இடத்துக்கு வேறொருவரோடு போனதும், அதை உங்களிடமே வந்து ஆர்வமாகச் சொன்னதும், சொல்லும்போது அந்தப் பழைய பேச்சு அவளுடைய நினைவுக்கே வராததும்தான் வலித்தது. அவள் உங்களைக் காயப்படுத்த எண்ணவில்லை என்பது கதை சொன்ன விதத்திலேயே தெரிகிறது. மறைக்க நினைத்திருந்தால் எல்ல என்ற பெயரையே எடுத்திருக்க மாட்டாள்.

“நாம் இருவரும் போவதாக இருந்தோமே, மறந்துவிட்டாயா?” என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டால் அடுத்த போயா தினத்துக்கு ரயில் டிக்கெட் எடுங்கள். தெமோதரை வரைக்கும் எடுத்தால் பாலத்தை ரயிலிலிருந்தும் பார்க்கலாம்.

கதை எல்லாம் முடிந்தபின், “நீ யாரையும் பார்க்கவில்லையா?” என்று கேட்டாள். அதில் ஏதாவது…?

அது கேட்கக் கடமைப்பட்ட கேள்வி. தன் கதையை நாற்பது நிமிடம் பேசியவர், வைப்பதற்கு முன் எதிராளிக்கும் ஒரு வாய்ப்புத் தருவார். நீங்கள் “இல்லை” என்றதும் அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. “சரி, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வைக்கிறேன்” என்று சொல்லியிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. “ஏன்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாளா? அப்படியானால் அதையும் எழுதுங்கள், பார்ப்போம்.